மூன்று கோடுகளுக்கு ஒரு பூஜ்யம்

“சரியா எழுதின பிள்ளைக்குத் தப்புன்னு போட்டாச்சு. இனிமே அது தன் விடையை நம்புமா, என் பேனாவை நம்புமா?”

பள்ளிப் படிப்பை முடித்து வீட்டில் சும்மா இருந்த என்னிடம் பெரியம்மா இப்படிக் கேட்டார். அவர் ஏன் கேட்டார் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெரியம்மா கணக்கு டீச்சர். இருபத்திரண்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறவர். கைப்பையில் பேருந்துச் சில்லறையோடு உடைந்த சுண்ணக்கட்டிகளும் கிடக்கும். ஒரு கணக்கு புரியாமல் பிள்ளைகள் விழித்தால், “சூத்திரத்தை மூடி வை, படம் போட்டுப் பாரு” என்பார். அதிர்ந்து பேசாதவர். எட்டு வருஷத்துக்கு முன் ஒரே ஒரு முறை, பாட அட்டவணையில் இருந்த ஒரு தவற்றை எழுத்தில் காட்டினார். அடுத்த மாதமே இரண்டு பேருந்து மாறிப் போகும் பள்ளிக்குத் தூக்கி அடித்தார்கள். மூன்று வருஷம் அலைந்து திரும்பி வந்தார். அதன் பிறகு தலைமையாசிரியர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போடுவதோடு சரி.

பொதுத் தேர்வு முடிந்ததும் விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு அவரை அழைத்தார்கள். நீண்ட கூடம், ஒரு மேஜைக்கு ஆறு பேர், ஆளுக்கு ஒரு சிவப்புப் பேனா. கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். தாள்களில் பெயர் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. அதைக் கிழித்துவிட்டு ஒரு மாற்று எண்ணை ஒட்டியிருந்தார்கள். அந்த எண்ணை யாரும் குறித்துவைக்கக் கூடாது. காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. திருத்திய கட்டு மாலை ஐந்து மணிக்கு முத்திரையோடு வண்டி ஏறிவிடும்.

இருபத்தேழாவது கேள்வி ஐந்து மதிப்பெண். ஒரே மாதிரியான ஒன்பது மிட்டாய்களை நான்கு குழந்தைகளுக்கு, ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஒன்றாவது கிடைக்கும்படி, எத்தனை விதமாகப் பகிரலாம்? ‘கீ’ என்று அவர்கள் சொல்லும் விடைக்குறிப்பில் 220 என்று அச்சாகியிருந்தது.

மதியக் கட்டில் எட்டாவது தாளில் பெரியம்மாவின் பேனா நின்றது. அந்தப் பிள்ளை சூத்திரம் எதுவும் எழுதவில்லை. ஒன்பது சின்ன வட்டங்களை வரிசையாக வரைந்து, நடுவில் மூன்று இடங்களில் செங்குத்துக் கோடு போட்டிருந்தது. கீழே குண்டு எழுத்தில் எழுதியிருந்தது: “மூன்று கோடு போட்டால் நான்கு பங்கு. ஓரத்தில் கோடு போட்டால் ஒரு குழந்தைக்கு ஒன்றும் கிடைக்காது. ஒரே இடைவெளியில் இரண்டு கோடு போட்டாலும் நடுவில் உள்ள குழந்தைக்குக் கிடைக்காது. ஆகவே எட்டு இடைவெளிகளில் மூன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 56.”

பெரியம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினார். எட்டு, ஏழு, ஆறு ஆகிய மூன்றையும் பெருக்கி ஆறால் வகுத்தால் ஐம்பத்தாறு. பழுதே இல்லை. எழுந்து, கூடத்தின் கோடியில் இருந்த முதன்மைத் தேர்வாளரிடம் போனார். எல்லோரும் அவரை சீஃப் என்பார்கள்.

“சார், இருபத்தேழுல கீ தப்பு மாதிரி இருக்கு.”

“மாதிரியா, தப்பா?”

“தப்புதான் சார். மூணு மிட்டாய், அண்ணன் தங்கச்சின்னு ரெண்டு பேரு. ஆளுக்கு ஒண்ணாவது குடுக்கணும். எத்தனை விதம்?”

“ரெண்டு.”

“கீயில இருக்கிற வழியில போட்டா நாலு வருது. ஒரு தடவை அண்ணனே மூணையும் முழுங்கிடுறான், ஒரு தடவை தங்கச்சி. கோடு எங்க வேணும்னாலும் நிக்கலாம்னு விட்டுட்டாங்க. ஒண்ணுமே கிடைக்காத பிள்ளையும் கணக்குல சேர்ந்துடுச்சு.”

பக்கத்து மேஜையிலிருந்து, முழு மதிப்பெண் போட மனம் வராததால் அரைமார்க் சார் என்று பேர் வாங்கியவர் தலையை நீட்டினார். “எங்க வீட்டுல தினம் அப்படித்தான் நடக்குது டீச்சர். கீ எழுதினவர் வீட்டுலயும் அப்படித்தான் போல.”

சீஃபும் சிரித்தார். பிறகு மேஜை ஓரத்தில் இருந்த காகிதக் கட்டிலிருந்து ஒன்றை உருவி நீட்டினார். “நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம். இந்தாங்க, ஆட்சேபப் படிவம். எழுதிக் குடுங்க, மேல அனுப்புறேன். பதில் வர்ற வரைக்கும் கீதான்.”

பெரியம்மா படிவத்தோடு இடத்துக்குத் திரும்பினார். பெயர், பள்ளி, பணியாற்றிய வருஷங்கள், குறிப்பில் உள்ள பிழை. நான்கே கட்டங்கள். பெயரை எழுதப் பேனாவைத் திறந்தார். இரண்டு பேருந்தும், விடியாத இருட்டில் கட்டிய சோற்று டப்பாவும், அந்த மூன்று வருஷமும் கண் முன்னால் வந்து நின்றன. வாயால் சொல்லிவிட்டோமே, அது போதாதா என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். படிவத்தை நான்காக மடித்துக் கைப்பையில் போட்டார்.

தாளில் பூஜ்யம் போட்டார். கூட்டினார், முப்பத்தொன்று. மறுபடி கூட்டினார், அதே முப்பத்தொன்று. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும். அந்த ஐந்து கிடைத்திருந்தால் முப்பத்தாறு. ஐந்து மணிக்குக் கட்டு வண்டி ஏறியது.

மறுநாள் பதினொரு மணிக்கு சீஃப் எழுந்து ஒரு சுற்றறிக்கையைப் படித்தார். வேறொரு முகாமில் யாரோ ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். “இருபத்தேழுக்கு விடை 56 எனத் திருத்தப்படுகிறது. கையில் உள்ள தாள்களுக்கும் நிறுத்திவைக்கப்பட்ட கட்டுகளுக்கும் இது பொருந்தும்.”

பெரியம்மா ஓட்டமும் நடையுமாகப் போய் நின்றார். “சார், நேத்து என் கட்டுல ஒரு பிள்ளை.”

“நம்பர் என்ன?”

“குறிச்சு வைக்கக் கூடாதே சார்.”

சீஃப் கண்ணாடியைக் கழற்றினார். கோபம் இல்லாமல்தான் பேசினார். “போன கட்டை நம்பர் இல்லாமத் திரும்பக் கேக்க முடியாது. நேத்து நீங்க எழுதிக் குடுத்திருந்தா அந்தக் கட்டை நிறுத்தி வச்சிருப்பேன் டீச்சர். ஆட்சேபம் இருந்தா நிறுத்தணும்னுதான் விதி. நீங்க வாயால சொல்லிட்டுப் போயிட்டீங்க. நான் பேப்பருக்காகக் காத்திருந்தேன்.”



பிறகு பெரியம்மா தேர்வு அலுவலகத்துக்கு எழுதினார். பெயர் போட்டு, பள்ளி போட்டு, தன் தவறையும் போட்டு மூன்று கடிதம். ஒரே ஒரு பதில் வந்தது. மாணவர் தாமே மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தால் பரிசீலிக்கப்படும், கெடு பதினைந்து நாள். கணக்கில் தவறிய பிள்ளை, திருத்தியவர் தவறென்று எப்படி நினைக்கும்? அந்தப் பதினைந்து நாளும் பெரியம்மா சரியாகச் சாப்பிடவில்லை. கெடு முடிந்த மறுநாள்தான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“வேற ஏதாவது வழி இருக்கும் பெரியம்மா” என்றேன்.

“ஒண்ணுமில்லைடா. அது நல்ல பிள்ளை. ஒருத்தருக்கும் இல்லைன்னு ஆகக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்துக் கோடு போட்டிருந்துச்சு. நான்தான் அதுக்கே இல்லாம பண்ணிட்டேன்.”

இப்போதும் வகுப்புக்குப் போகிறார். ஆனால் படம் போடச் சொல்வதில்லையாம். சூத்திரத்தை எழுதி, கரும்பலகையை அழித்துவிட்டு வந்துவிடுகிறார் என்று அவருடைய மாணவி ஒருத்தி சொன்னாள்.

கெடு போய்விட்டது. அந்தப் பிள்ளை படிப்பை விட்டிருக்கலாம், எங்கேயோ வேலைக்கும் போயிருக்கலாம். பையனா பெண்ணா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து நாலு பேருக்குக் கொடுங்கள், அவர்களையும் கொடுக்கச் சொல்லுங்கள். கணக்கில் நாலு மதிப்பெண்ணில் தவறிய, மிட்டாய்களை வட்டமாக வரைந்து மூன்று கோடு போட்ட ஒரு பிள்ளையிடம் இது எப்படியாவது போய்ச் சேர வேண்டும். நீ எழுதியது சரி என்று அதனிடம் சொல்லுங்கள்.