இடப்பக்கத்து பிரேக்

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு சாரதிப் பயிற்றுநராகப் பதிவு செய்துகொண்டேன். செட்டிபாளையம் பக்கத்தில் பொறுமையாகக் கற்றுக்கொடுக்க அப்போது ஆள் இல்லை. என்னிடம் பழகினால் முதல் தடவையிலேயே பாஸ் என்று ஊரில் பெயர் வந்தது. அந்தப் பெயருக்காக நான் ஒரு பிழை செய்தேன்.

பயிற்சிக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. இரண்டையும் ஒரு கம்பி இணைக்கிறது. ஒன்று அமிழ்ந்தால் மற்றதும் அமிழும். பழகுபவர் தாமதித்தால் நான் மிதிப்பேன். அவர் கால் பிரேக்கின் மேல் இருப்பதால் தானே நிறுத்தியதாக நினைப்பார். நானும் "நல்லம்" என்பேன். அவர் பயந்து பழகுவதை இடையில் விட்டுவிடக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்படிப் பழகிய ஒரு தையல்காரப் பெண் லைசென்ஸுக்கான ட்ரயலில் பாஸானாள். அன்று வீதியில் கூட்டமில்லை, சட்டென நிறுத்தும் தேவை வரவில்லை. சில நாள் கழித்துத் தொலைபேசியில் சொன்னாள்: "நாளைக்கு அவர ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு நானே கொண்டு போறன், சேர்."

கணவருக்குச் சீனி வியாதியால் ஒரு காலை எடுத்திருந்தார்கள். அவர்களுடைய காரில் இடப்பக்கத்தில் பிரேக் இல்லை.

விடிந்ததும் பயிற்சிக் காருடன் அவர்கள் வீட்டுக்குப் போய், உள்ளதைச் சொன்னேன்.

அவள் முகம் சிவந்தது. "அப்ப லைசென்ஸ உங்கட காலுக்கெல்லோ குடுத்திருக்கணும்?"

கணவர் சிரித்துவிட்டார். "எனக்கு ஒரு கால். சேருக்கு மூணு கால் போல."

"நீங்க சும்மா இருங்க!" என்று அவரை அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இப்ப என்ன செய்யிற?"

"இண்டைக்கு இந்தக் காரில போவம், மகள். நான் மிதிச்சா மிதிச்சன் எண்டு சத்தமாச் சொல்லுறன்."

அவள் ஓட்டினாள். கணவர் பின்னால் இருந்தார். களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்த பஸ் எங்களைக் கடந்து சடாரென நின்றபோது, "மிதிச்சிட்டன்" என்றேன். சந்தையடியிலும் சொல்ல வேண்டியிருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தாள். முன்னால் போன வாகனத்துக்கும் தனக்கும் நடுவே இன்னும் இடம் விட்டாள். நான் இதுவரை அவளுக்குச் சரியாகக் கற்றுக்கொடுக்காத பாடம் அது.

ஆரையம்பதிக்கு அப்பால் மாடுகள் வீதியில் இறங்கின. என் கால் பாய்ந்தது. அது போய்ச் சேருமுன்பே என் பக்கத்து பிரேக் தானாக அமிழ்ந்து கிடந்தது. கார் மாடுகளுக்கு நல்ல தூரத்தில் நின்றது.

"சொல்லுங்க," என்றாள் திரும்பாமலே.

"நான் மிதிக்கல்ல, மகள்."

"சத்தியமா?"

"சத்தியமா."

பல மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் அந்த இடத்தில் இறங்கியது. பாலம் தாண்டி ஆஸ்பத்திரி வாசல்வரை எனக்கு வேலை இருக்கவில்லை. ஆனாலும் அன்றே அவர்களுடைய காரை எடுக்கச் சொல்ல மனம் வரவில்லை. இன்னும் இரண்டு வாரம் காலையில் பழகுவோம், அதுவரை தனியே ஓட்ட வேண்டாம் என்றேன். ஒப்புக்கொண்டாள்.

காரை நிறுத்திவிட்டுப் பின்னால் பார்த்தோம். கணவர் வாயைத் திறந்தபடி நன்றாக உறங்கிக்கொண்டிருந்தார்.