ஆரஞ்சு பாட்டில்

என் நாத்தனார் மேல எனக்கு இருக்குற கோபம் இன்னும் ஆறல. ஆறவும் வேணாம்னுதான் நெனைக்கிறேன். சில கோபத்தை ஆற விட்டா நாம ஏமாளி ஆயிடுவோம்.

அவங்க துபாய்ல இருக்கவங்க, என் வீட்டுக்காரரோட அக்கா. வருஷத்துக்கு ஒரு தடவை லீவுல அன்னவாசலுக்கு வருவாங்க. வந்தா வீடே அவங்க சொல்றபடிதான். சோப்புல இருந்து தலைவலி மாத்திரை வரைக்கும் அங்கருந்து வந்ததுதான் ஒசத்தி. நம்மூர் மெடிக்கல்ல வாங்குனது எதுவா இருந்தாலும் மூக்கைச் சுளிப்பாங்க.

ஒரு தடவை அவங்க வந்திருந்தப்ப என் மகளுக்குக் காய்ச்சல். நாலு வயசுப் புள்ள. இங்க உள்ள டாக்டர் எடை பார்த்து, பாராசிட்டமால் சிரப் எழுதி, எத்தனை மில்லின்னு பாட்டில் மேலயே பேனாவால குறிச்சுக் குடுத்தாரு. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, காய்ச்சல் இருந்தா மட்டும்னு சொன்னாரு. பிங்க் கலர் மருந்து. குடுத்தா இறங்கும், அடுத்த வேளைக்கு முன்னாடியே திரும்ப ஏறும். சின்னப் புள்ளைங்க காய்ச்சல் அப்படித்தான் வரும் போகும். அது தெரியாம நான் நிமிஷத்துக்கு ஒரு தடவை நெத்தியத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன்.

"அங்கெல்லாம் ரெண்டு மருந்தை மாத்தி மாத்தித்தான் குடுப்பாங்க. ஒண்ணு பாராசிட்டமால், ஒண்ணு இபுப்ரோஃபென். மூணு மணி நேரத்துக்கு ஒண்ணு. காய்ச்சல் கிட்டவே வராது" அப்படின்னாங்க நாத்தனார். சொல்லிட்டுப் பெட்டியத் தொறந்து ஒரு ஆரஞ்சு பாட்டில் எடுத்து நீட்டுனாங்க. மேல பாதி அரபி எழுத்து, பேரும் நான் கேள்விப்படாத பேரு.

"இதுல என்ன இருக்கு அண்ணி?"ன்னு கேட்டேன்.

"வேற மருந்துடி. நான் என் பையனுக்குக் குடுத்ததுதான். ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்"னு ஒரு போடு போட்டாங்க.

பேரு வேற, கலர் வேற, பாட்டில் வேற. அப்ப மருந்தும் வேறன்னு நானும் நம்பிட்டேன். பிங்க் மருந்துக்கு டாக்டர் சொன்ன அதே அளவை ஆரஞ்சுக்கும் ஊத்துனேன். நான் குளிக்கப் போனா மாமியார் குடுப்பாங்க, மாமியார் கோயிலுக்குப் போனா நாத்தனார் குடுப்பாங்க. கடைசியா குடுத்தது பிங்க்கா ஆரஞ்சான்னு ஒருத்தர ஒருத்தர் கேப்போம். சரியாத் தெரியலன்னா, எதுக்கும் இருக்கட்டும்னு ஒண்ணைக் குடுத்துருவோம். காய்ச்சல் இறங்குச்சு. "பாத்தியா துபாய் மருந்த?"ன்னு நாத்தனார் தெருவுக்கே கேக்குற மாதிரி சொன்னாங்க.

ரெண்டு நாள் கழிச்சு புள்ள சோத்தை ஏறெடுத்தும் பாக்கல. வாந்தி வாந்தியா எடுத்தா. உடம்புல சூடே இல்ல, ஆனா வயித்துல வலது பக்கம் தொட்டாலே கத்துனா. "வாயு. ஓமத்தண்ணி குடு"ன்னாங்க நாத்தனார். நான் புள்ளையத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு, குடுத்த மருந்தையெல்லாம் பையில அள்ளிக்கிட்டு புதுக்கோட்டைக்கு பஸ் ஏறிட்டேன்.

அங்க குழந்தைகளைப் பாக்குற டாக்டரம்மா ரெண்டு பாட்டிலையும் வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பாத்தாங்க. அவங்க முகம் மாறிப்போச்சு.

"ரெண்டும் ஒரே மருந்தும்மா. ரெண்டுமே பாராசிட்டமால்தான். இந்த ஆரஞ்சுல அஞ்சு மில்லிக்கு உள்ள வீரியம் மத்ததை விட ரெண்டு மடங்குக்கும் மேல. நீங்க ரெண்டையும் ஒரே அளவு ஊத்தியிருக்கீங்க. மாத்திக் குடுக்குறதா நெனச்சு, இடைவெளியே இல்லாம ஒரே மருந்தைக் குடுத்திருக்கீங்க. இது அளவு மீறினா ஈரலைத் தாக்கும்."

ரத்தம் எடுத்தாங்க. ஈரல் பாதிச்சிருக்குன்னு வந்துச்சு. உடனே விஷமுறிவு மருந்தை டிரிப்ஸ்ல ஏத்துனாங்க. அந்தப் பிஞ்சுக் கையில ஊசி குத்த நரம்பு தேடுனப்ப அவ என்னைப் பாத்துக் கத்துன கத்து இப்பவும் காதுல இருக்கு. ஈரல் தேறுமா தேறாதான்னு அப்ப யாராலயும் சொல்ல முடியல.

சாயங்காலம் வீட்டாளுங்க எல்லாரும் வார்டுக்கு வந்தாங்க. அத்தனை பேர் முன்னாடி நாத்தனார் சொன்னாங்க: "நான் எப்ப இப்படிக் குடுக்கச் சொன்னேன்? இவதான் பதறிப்போய் அளவில்லாம ஊத்திட்டா. பெத்தவளுக்கே அக்கறை இல்லன்னா யாரு என்ன செய்ய?" தானும் குடுத்த மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. என் வீட்டுக்காரரு என்னை ஏற இறங்கப் பாத்தாரு. அந்தப் பார்வையத்தான் என்னால மறக்க முடியல. அடிப்பாவின்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். புள்ள பொழச்சு எந்திரிக்கட்டும், ஒன்னை நான் வச்சுக்கிறேன்னு அந்தக் கட்டில் கம்பியப் புடிச்சுக்கிட்டே முடிவு பண்ணேன்.

புள்ள தேறிட்டா. வீட்டுக்குப் போற அன்னைக்கு டாக்டரம்மாகிட்ட கேட்டேன், நெசமாவே ரெண்டு வேற மருந்தா இருந்திருந்தா நல்லதுதானான்னு. "சூடு கொஞ்சம் அதிகமாக் கொறையும், கொறஞ்சது கொஞ்ச நேரம் கூடுதலா நிக்கும். ஆராய்ச்சியில அவ்வளவுதான் தெரியுது. அதனால புள்ள பெருசா சொகமாயிருதுன்னு சொல்ல முடியல, நோயும் சீக்கிரம் போயிராது. ஆனா எதை எப்பக் குடுத்தோம்ங்கிற குழப்பம் நிச்சயம். தண்ணி சத்து கொறஞ்ச புள்ளைக்கும் டெங்கு சந்தேகம் இருக்கப்பவும் இபுப்ரோஃபெனே ஆகாது. ஒரு மருந்து போதும். தெர்மாமீட்டரையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க, புள்ள மொகத்தைப் பாருங்க"ன்னாங்க.

மறுவருஷம் நாத்தனார் பையனுக்கு விராலிமலை முருகன் கோயில்ல காதுகுத்து. சொந்தம் பூரா எங்க வீட்ல. முந்தின நாள் அந்தப் பயலுக்கு நல்ல காய்ச்சல். நான் அடுப்படியில நிக்கிறேன், நாத்தனார் பூனை மாதிரி உள்ள வந்தாங்க. கையில அதே ஆரஞ்சு பாட்டில். "ஒனக்குத்தான் டாக்டர் எல்லாம் சொன்னாங்களே. இது எவ்வளவு ஊத்த? பிங்க்கும் குடுத்திருக்கேன்"னு குசுகுசுன்னு கேட்டாங்க.

கும்பிட்ட முருகன் கொண்டாந்து நிறுத்துன மாதிரி இருந்துச்சு. "பிங்க் எப்பக் குடுத்தீங்க அண்ணி?" "இப்பத்தான், அரை மணி நேரம் இருக்கும். ஆரஞ்சு இன்னும் குடுக்கல." அப்ப பயலுக்கு ஆபத்தில்ல. அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் அடுத்த வேலைய ஆரம்பிச்சேன்.

"வாங்க அண்ணி, ஹால்ல வெளிச்சமா இருக்கு"ன்னு கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனேன். மாமியார், என் வீட்டுக்காரரு, சொந்தக்காரங்க எல்லாரும் உக்காந்திருக்காங்க. "இதுல என்ன மருந்துன்னு போட்டிருக்கு? சத்தமாப் படிங்க."

"எதுக்குடி இப்ப..."

"படிங்க அண்ணி. போன வருஷம் வேற மருந்துன்னு நீங்கதான குடுத்தீங்க?"

படிச்சாங்க. பாராசிட்டமால். பிங்க்கையும் படிக்க வச்சேன். பாராசிட்டமால். "இதையும் சேத்து ஊத்துனா ஒங்க மகனும் அதே கட்டில்லதான் படுப்பான். அன்னைக்கு வார்டுல யாருக்கு அக்கறை இல்லன்னு சொன்னீங்க?" என் வீட்டுக்காரரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. நல்லாக் குனியட்டும்னு விட்டுட்டேன்.

எனக்கு அதுவே போதும்னு இருந்துச்சு. ஆனா அதுக்கு மேல ஒண்ணு நடந்துச்சு. சத்தம் கேட்டு என் மக உள்ள வந்தா. ஆரஞ்சு பாட்டிலப் பாத்ததும் ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டா. அப்புறம் ஓடிப்போய், பாயில கெடந்த அந்தப் பயலோட வாயையும் தன் சின்னக் கையால பொத்துனா.

"குடிக்காத மச்சான். ஒங்க அம்மா பொய் சொல்லுவாங்க."

நாத்தனார் அப்படியே தரையில உக்காந்து அழ ஆரம்பிச்சாங்க. எல்லாரும் என்னைப் பாத்தாங்க, போய்த் தேத்துன்னு. நான் பயலுக்குக் குடிக்கத் தண்ணி எடுக்கப் போயிட்டேன்.