கஷாயம் குடித்த இரண்டு மணி நேரம்

அன்று காலை அம்மா நீட்டிய கஷாயத்தை நான் ஏன் வாங்கிக் குடித்தேன்? இரண்டரை வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் ஒரு பதில் தோன்றுகிறது. மறுநாள் அது பதிலாக இல்லை.

முதல் குழந்தையிலிருந்து சொன்னால்தான் புரியும். நான் பிறந்த ஊர் ஜெயமங்கலம், கல்யாணமாகி வந்த இடம் உத்தமபாளையம். கணவருக்கு நீதிமன்றத்தில் எழுத்தர் வேலை. ஐந்தாம் மாதம் முடியும் நேரத்தில் அடிவயிற்றில் ஒரு கனம் வந்தது. வலி என்று சொல்ல முடியாது. உட்கார்ந்து எழுந்தால் கீழே ஏதோ இறங்கி நிற்பதுபோல் இருக்கும். வெள்ளைப்படுதல் அதிகமானது. முதலில் கெட்டியாக இருந்தது, பிறகு தண்ணீராக. நடு இடுப்பில் மந்தமான ஒரு வலி வந்து வந்து போனது. மாமியாரிடம் சொன்னேன்.

"சூடு ஆத்தா. சித்திரை வெயிலு. நீ வேற அடுப்படியே கதின்னு கெடக்க" என்றார். வெந்தயம் ஊறிய தண்ணீர் கொடுத்தார். இளநீர் வாங்கிவரச் சொன்னார். தலைக்கு எண்ணெய் வைத்து அவரே தேய்த்துக் குளிப்பாட்டினார். அன்பில் குறை சொல்ல மாட்டேன். நானும் சூடு என்றே நம்பினேன். ஐந்தாம் நாள் துணியில் இளஞ்சிவப்பாக ஒரு கறை இருந்தது. அதையும் சொன்னேன். "அதுவுஞ் சூடுதேன்" என்றார்.

ஏழாம் நாள் காலை, துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது காலோடு தண்ணீர் இறங்கியது. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெரிதாக வலிகூட இல்லை. ஆண் குழந்தை. ஒரு கை அசைந்ததைப் பார்த்தேன். அவ்வளவுதான் பார்த்தேன்.

இரண்டாவது முறை உண்டானதும் கணவரும் மாமியாரும் என்னை மதுரைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஒரு லேடி டாக்டர் நடந்ததை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். கையால் பரிசோதித்தார். பிறகு என் மாமியாரின் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையைக் கேட்டு வாங்கினார்.

"கர்ப்பப்பையும் இப்படித்தான்மா. வாய்ப்பக்கம் நீளமா, இறுக்கமா இருந்தாத்தான் பிள்ளை உள்ளே நிக்கும். உனக்கு அந்த நீளம் கம்மி, பலமும் கம்மி. பிள்ளை கனக்கக் கனக்க வலியே இல்லாம தொறந்துக்குது. போன தடவை வந்தது சூடு இல்லே. வாய் தொறக்குறதுக்கு அடையாளம்" என்று சொல்லிக் கயிற்றை இழுத்துப் பையின் வாயைச் சுருக்கிக் காட்டினார். "பதினாலாவது வாரம் இதே மாதிரி ஒரு தையல் போட்டுருவோம்."

மாமியார் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "இம்புட்டு நாளும் இதுக்குள்ள வெத்தலதேன் இருந்துச்சுன்னு நெனச்சேன்" என்றார். டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது.

முதுகில் மரத்துப்போக ஊசி போட்டுத் தையல் போட்டார்கள். ஐந்து நாள் படுக்கையில் இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் கட்டிலின் கால்மாட்டில் இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்தச் சொன்னார்கள். பிள்ளை தங்க வாரத்துக்கு ஒருமுறை இடுப்பில் ஊசி. புரோஜெஸ்டரோன் என்று சீட்டில் எழுதியிருந்தது. எண்ணெய் மருந்து. எங்கள் தெருவில் இருந்த நர்சம்மா கம்பம் பக்கத்து மலையாளி. மருந்துக் குப்பியை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து உருட்டிச் சூடேற்றிய பிறகுதான் ஏற்றுவார். "ஒரு செக்கன்ட் மோளே" என்பார். இரண்டு நாள் அந்தப் பக்கம் படுக்க முடியாது. இந்த ஊசி எல்லோருக்கும் பலிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனாலும் போடுவோம் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "வயிறு கல்லு மாதிரி இறுகி இறுகி விட்டாலோ, இடுப்பு வலிச்சாலோ, தண்ணி போனாலோ, ரத்தம் பட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிரணும். சீக்கிரம் வந்தா வலியை நிறுத்தப் பார்க்கலாம். நிக்கலேன்னா தையலை வெட்டிரணும். வெட்டாம வலி முத்துனா வாய் கிழிஞ்சிரும்." வலி வராமல் இருந்தால் முப்பத்தேழாவது வாரம் அவரே தையலை எடுப்பதாகச் சொல்லி எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டை மாமியார் பீரோவில் வைத்துப் பூட்டினார். "தையலு கியலுன்னு யாருகிட்டயும் சொல்லிறாத. ஓங்க அம்மாகிட்டயும்தேன். ஜெயமங்கலத்துல ஒரு வாயில விழுந்தா ஒம்பது வாயில எந்திரிக்கும். குறைபட்ட பொண்ணக் குடுத்தாகன்னு பேசுவாக. ஒனக்குத்தேன் அசிங்கம்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. சத்தியம் செய்யச் சொல்லவில்லை. நானாகவே தலையாட்டினேன்.

ஏழாம் மாதம் வளையல் போட்டார்கள். அதன் பிறகு தாய்வீட்டுக்குப் போவது வழக்கம். பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கணவர் தயங்கினார். "தலப்பிள்ளைக்குத் தாய்வீடு போகாட்டி ஊரு என்ன பேசும்?" என்றார் மாமியார். அந்த முதல் குழந்தையை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. வாடகைக் கார் பிடித்து, மெதுவாக ஓட்டச் சொல்லி, தேனியில் ஒரு மணி நேரம் நிறுத்திப் படுக்கவைத்து, ஜெயமங்கலம் கொண்டுவந்து விட்டார்கள்.

அங்கே அம்மா கட்டில் போட்டாள். கால்மாட்டில் செங்கல் இல்லை. ஏன் என்று சொல்லாமல் எப்படிக் கேட்பது? மூன்று ஊசி மருந்துக் குப்பிகளைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். ஊசி போடுகிறவர் எதற்கு என்று கேட்பார், அம்மா பக்கத்தில் நிற்பாள் என்று நினைத்து இரண்டு வாரம் போடாமலே விட்டேன். படுத்தே கிடந்த என்னைப் பார்க்க வந்த பெரியம்மா, "ஓங்க மாமியா வீட்ல கட்டில்லயே வச்சு சோறு ஊட்டுனாகளோ? நாங்கல்லாம் நாத்து நட்டுட்டு வந்து பெத்தோம்" என்றார். எழுந்து அவருக்குக் காபி போட்டேன்.

முப்பத்தோராவது வாரம். காலை எட்டு மணி இருக்கும். அப்பாவும் தம்பியும் வயலுக்குப் போயிருந்தார்கள். வயிறு இறுகியது. கையை வைத்துப் பார்த்தேன், பலகை மாதிரி இருந்தது. விட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். பத்து நிமிஷத்தில் மறுபடி இறுகியது. முதுகிலிருந்து கிளம்பி முன்னால் வந்தது. எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல முடியாது. டாக்டர் சொன்ன வார்த்தைகள் வரிசையாகக் காதில் கேட்டன.

"அம்மா, இடுப்பு வலிக்குது" என்று மட்டும் சொன்னேன்.

"இருத்தா, பயப்படாத. இன்னும் நாளு கெடக்குல்ல" என்று அம்மா சீரகமும் சுக்கும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்தாள். எங்கள் பக்கத்தில் வலி என்றால் முதலில் இதுதான். "இதக் குடி. சூட்டு வலின்னா அடங்கிரும். பிள்ளை வலின்னா கூடிரும். கூடுனா கெளம்பிருவோம்."

டம்ளரை வாங்கினேன். கூடினால் தையல் கிழித்துவிடும் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். குடித்தேன். சூட்டு வலியாக இருந்துவிடாதா என்று ஆசைப்பட்டேனோ? மாமியாருக்குக் கொடுத்த வார்த்தையா? முதல் குழந்தைக்குச் சூடில்லாததைச் சூடு என்று நம்பினேன். இந்தத் தடவை தெரிந்தே அதை நம்பப் பார்த்தேன்.

வலி கொஞ்சம் அடங்கியதுபோலவும் இருந்தது. அம்மா அரிசி களைந்தாள். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் ஏழானது, ஐந்தானது. பத்து மணிக்குக் கொல்லைக்குப் போனபோது துணியில் ரத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"அம்மா, எனக்கு உள்ள தையல் போட்டிருக்கு. அத வெட்டணும்."

"தையலா? எங்கனடி?"

சொன்னேன். அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. களைந்த அரிசியை அப்படியே கீழே வைத்தாள். "நாந்தேன் கஷாயத்தக் குடுத்துட்டு உக்காந்திருக்கேன்" என்றாள். பிறகு அரிசி ஆலைக்காரர் வீட்டுக்குக் கார் கேட்டு ஓடினாள். அம்மா ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பெரியகுளம் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது பதினொன்று ஆகிவிட்டது. அம்மா வாசலிலிருந்தே "தையல் போட்டிருக்கு, தையல் போட்டிருக்கு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஊருக்குத் தெரியக்கூடாது என்று நான் காத்ததை வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். அங்கிருந்த டாக்டர் பார்த்துவிட்டு, "வலியை நிறுத்துற கட்டம் தாண்டிருச்சு" என்றார். தையலை வெட்டி எடுத்தார்கள். அதற்குள் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. பூனைக்குட்டி அளவு சத்தம். பஞ்சில் சுற்றி மதுரைக்கு அனுப்பினார்கள். முப்பத்தெட்டு நாள் அங்கே இருந்தது. இங்க் பில்லரால் சொட்டுச் சொட்டாகப் பால் விட்டோம். பக்கத்துப் படுக்கைக் குழந்தைகள் இரண்டு இறந்துபோய்விட்டன. என் மகள் இருந்தாள்.

இப்போது அவள் நடக்கிறாள், தாமதமாகத்தான் நடந்தாள். மழைக்காலம் வந்தால் நெஞ்சு கர் கர் என்று இழுக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் நான் அந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறேன். எட்டு மணிக்கே கிளம்பியிருந்தால் வலி நின்றிருக்குமா, ஊசியை விடாமல் இருந்திருந்தால் தங்கியிருக்குமா என்று மதுரை டாக்டரிடம் கேட்டேன். "நின்னிருக்கலாம், நிக்காமலும் போயிருக்கலாம். ஆனா கிழியாம பார்த்திருக்கலாம்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்துக்காக அவர்மேல் கோபம் வந்தது. உண்மையைத்தான் சொன்னார்.

எனக்கு இப்போது மறுபடியும் மூன்றாம் மாதம். கிழிந்து ஆறியதில் வாயின் நீளம் இன்னும் குறைந்துவிட்டதாம். இந்தத் தடவை தையலை இன்னும் மேலே போட வேண்டும், நிற்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறார் டாக்டர். மூன்று வாரத்தில் வரச் சொல்லியிருக்கிறார். ஆறாம் மாதத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து இருந்துவிடலாமா என்று கணவர் கேட்கிறார். அப்படியானால் மகளை விட்டுவிட்டுப் போக வேண்டும். மழைக்காலத்தில்தான் போக வேண்டியிருக்கும். "ஒருத்திய எங்கிட்ட விட்டுட்டு, இன்னொண்ணுக்காக ஊரு விட்டுப் போவியா?" என்று மாமியார் கேட்கிறார். கேட்பதில் நியாயம் இருக்கிறது. அம்மா சம்பந்தி வீட்டில் வந்து தங்க முறையில்லை என்றாலும் வருகிறேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறாள். மாமியார் அதற்குச் சம்மதம் சொல்லவுமில்லை, மறுக்கவுமில்லை. சீட்டை மட்டும் இந்த முறை நானே வைத்திருக்கிறேன். ஒரு நகல் எழுதி அம்மாவுக்கும் அனுப்பிவிட்டேன்.

இதைப் படிக்கும் உங்களில் ஒரு தடவை தையல் கிழிந்த பிறகு மறுபடி போட்டுக்கொண்டவர்கள் இருந்தால் எழுதுங்கள். எத்தனையாவது வாரம் வரை நின்றது? வீட்டிலேயே இருந்தீர்களா, ஆஸ்பத்திரிப் பக்கம் போய் இருந்தீர்களா? மூத்த குழந்தையை யாரிடம் விட்டீர்கள், அது உங்களைத் தேடி ஏங்கியதா? முக்கியமாக, வயிறு இறுகிய முதல் தடவையே, "சூடுதான், படு" என்று சொன்ன பெரியவர்களிடம் என்ன வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள்? எனக்கு அந்த வார்த்தைதான் வாயில் வர மாட்டேன் என்கிறது.