ஸ்வெட்டர் போட்ட மாவு

ஜோசப்பினிடம் சமையல் குறிப்பு கேட்டு உருப்பட்டவர் எங்கள் கல்லூரியில் ஒருவரும் இல்லை. எதையும் மறைக்கிற புத்தி அவளுக்குக் கிடையாது. கேட்டால் பிரியமாக உட்காரவைத்துச் சொல்லுவாள். "மாவு பதமா வரணும், சீனி தேவைக்குப் போடுங்க, வெந்ததும் வெரசா எறக்கிருங்க, அவ்வளவுதான்." அதை நம்பி ஒரு கிறிஸ்துமஸுக்கு நானும் கேக் செய்தேன். வெட்டுவதற்கு அரிவாள்மனை தேவைப்பட்டது. அன்றிலிருந்து அவள் வாயைத் திறந்தாலே நான் காதை மூடிக்கொள்வேன்.

இந்த ஜோசப்பின்தான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். கொடைக்கானலிலேயே பிறந்து, வளர்ந்து, அங்கேயே எங்கள் கல்லூரியில் உணவியல் சொல்லிக்கொடுக்கிறவள். மலையில் விளையும் சாமையையும் உளுந்தையும் அரைத்து இட்லி மாவு கரைத்தால், இந்தக் குளிரில் அது எப்படிப் புளிக்கிறது, எவ்வளவு பொங்குகிறது என்பதுதான் ஆய்வு. எந்திரத்துக்குள் வைத்துச் சூடாக்காமல், மலைவீட்டில் நடக்கிறபடியே பார்க்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டாள். நல்ல ஆய்வு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வேலை, வீடு, விசேஷம் என்று அவள் இழுத்துக்கொண்டே போனதில் பல்கலைக்கழகம் இரண்டு முறை நீட்டிப்புக் கொடுத்துவிட்டது. ஜனவரி முடிவுக்குள் வழிகாட்டியின் கையெழுத்தோடு ஆய்வேட்டை ஒப்படைக்கவில்லை என்றால் பதிவே ரத்து. அத்தனை வருட உழைப்பும் பேப்பர்கடைக்குத்தான் போகும்.

அவளுடைய கணவர் பவுல்ராஜ் டாக்ஸி ஓட்டுகிறார். பட்டம் வருமுன்னே, "எங்க வீட்டம்மா டாக்டருங்க" என்று சுற்றுலாப் பயணிகளிடம் சொல்லிவிடுவார். வளைவுகளில் வாந்தியெடுத்த ஒரு குடும்பம் காரை நேராக அவர் வீட்டுக்கு விடச் சொல்லியிருக்கிறது. ஜோசப்பின் அவர்களுக்கு எலுமிச்சம்பழச் சாறு கொடுத்து அனுப்பினாள்.

வழிகாட்டி டாக்டர் ராஜேஸ்வரி. மதுரைக்காரர். கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுவார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு, அந்த வழக்கத்துக்குப் பயந்தே சிலர் வேறு வழிகாட்டியைத் தேடிப்போனார்கள். ஆய்வுமுறை அத்தியாயத்தை முதலில் அவர் படிக்கமாட்டார். இன்னொரு மாணவியின் கையில் கொடுத்து, "இதுல இருக்கிறத மட்டும் செய்" என்பார். எழுதியவள் அந்த அறைக்குள் கால் வைக்கக் கூடாது, வாயும் திறக்கக் கூடாது. செய்கிறவளுக்குச் சந்தேகம் வந்தால் கேட்கவும் கூடாது, தாளின் ஓரத்தில் எழுதிவைக்க வேண்டும்.

"அவ கேக்கிற ஒவ்வொரு கேள்வியும் நீங்க விட்ட ஓட்டை. நாளைக்கு எங்கயோ ஒருத்தி இதப் படிச்சுச் செய்வா. அவ உங்களுக்கு போன் போட்டா கேக்கப்போறா?" என்பார்.

ஜோசப்பினின் அத்தியாயம் போனது நதியாவிடம். ஒட்டன்சத்திரத்துப் பெண், முதல் வருட ஆய்வு மாணவி, விடுதியில் தங்கியிருந்தாள். சொன்னதைச் செய்வாள், சொல்லாததைச் செய்யவே மாட்டாள். ஆங்கிலத்துறை என்பதால் அந்த அத்தியாயத்தின் மொழியைத் திருத்திக்கொடுத்தவள் நான். ஆங்கிலம் பழுதில்லாமல் இருந்தது. நதியா அதைத் திருப்பிக் கொண்டுவந்தபோது ஓரமெல்லாம் பென்சில்.

தேவையான நீர் என்றால் எவ்வளவு? நன்றாக அரைக்க என்றால் எத்தனை நிமிடம், எந்தக் கிரைண்டரில்? சிறிதளவு உப்பு என்றால் எத்தனை கிராம், அரைக்கும்போதா அரைத்த பிறகா? கையால் கரைக்க வேண்டுமா, கரண்டியாலா?

"கை மாறுனா என்ன ஆகப்போவுது?" என்றாள் ஜோசப்பின்.

"கையில இருக்கிற கிருமியும் மாவுக்குள்ள போகும்ல. எல்லாருக்கும் ஒரே கையா?" என்றார் ராஜேஸ்வரி.

இந்தக் கேள்விகளுக்காவது பதில் இருந்தது. ஜோசப்பின் எடை போட்டு, அளந்து, நேரம் பார்த்து எழுதினாள். கொதிக்கவைத்து ஆறவைத்த கரண்டியால் கரைப்பது என்று முடிவானது. பெரிய வில்லங்கம் வேறு இடத்தில் இருந்தது. அத்தியாயத்தில், "மாவு இரவு முழுதும் அறை வெப்பநிலையில் வைக்கப்பட்டது" என்று இருந்தது. நதியாவும் அப்படியே வைத்தாள். டிசம்பர் மாதக் கொடைக்கானல் அறை அது. காலையில் அளவுக் குழாயில் மாவு வைத்த கோட்டிலேயே நின்றது. கொஞ்சம்கூடப் புளித்த வாசனை இல்லை. ஆய்வேட்டில் அதே மாவு ஏறக்குறைய இரண்டு மடங்கு பொங்கியிருந்தது.

வாசலில் நின்ற ஜோசப்பினுக்குப் பொறுக்கவில்லை. வாய் திறக்கக் கூடாது என்ற விதியை மீறிவிட்டாள்.

"ஏம்மா, ஸ்வெட்டர் போட்டியா?"

நதியா குனிந்து தன்னைப் பார்த்தாள். "போட்டுருக்கேனேக்கா."

"ஒனக்கில்லம்மா, மாவுக்கு!"

கொடைக்கானலில் மாவுப் பாத்திரத்துக்குப் பழைய ஸ்வெட்டரைச் சுற்றிவைக்காத வீடு கிடையாது. அது அவர்களுக்குப் பல் தேய்ப்பது மாதிரி. ஆய்வுமுறையில் பல் தேய்த்ததையெல்லாம் எழுதுவார்களா என்ன? ஜோசப்பினும் எழுதவில்லை. ஒட்டன்சத்திரத்திலோ மாவை மூடிவைத்தால் போதும், காலையில் அது மூடியைத் தள்ளிவிட்டு மேடையில் கிடக்கும். மாவுக்கு உடுப்பு போடுவார்கள் என்பதையே நதியா அன்றுதான் கேள்விப்பட்டாள்.

ராஜேஸ்வரி கண்ணாடியைக் கழற்றினார். "எழுதுங்க," என்றார்.

ஜோசப்பின் எழுதினாள். அந்தப் பக்கத்தை நான்தான் திருத்தினேன், சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. "பாத்திரம் ஆண்கள் அணியும் கம்பளி ஸ்வெட்டரால், கைப்பகுதி இரண்டும் முன்பக்கம் முடிச்சிடப்பட்டு, இறுகச் சுற்றப்பட்டது." பவுல்ராஜின் மெரூன் ஸ்வெட்டர்தான் அது. நதியா அதை வாங்கிப்போய் எழுத்துப் பிசகாமல் முடிச்சிட்டாள். மறுநாள் காலையில் ஸ்வெட்டருக்குள் மாவு அசையாமல் தூங்கியது.

ஜோசப்பினுக்கு முகம் செத்துப்போனது. என் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். "என் ஆய்வு பொய்யாப் போச்சா?" என்று கேட்டாள். அதுவரை கேலி செய்துகொண்டிருந்த நான் அதோடு நிறுத்திக்கொண்டேன். இவ்வளவு வருடம் ராத்திரி பகலாக இவள் கஷ்டப்பட்டதைப் பக்கத்து அறையிலிருந்து பார்த்தவள் நான். ஆறுதல் சொல்லத் தெரியாமல் காபி போட எழுந்தேன். கெட்டிலில் தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று எழுந்தாள்.

"வெந்நி!" என்றாள். "வெந்நி ஊத்தித்தானே அரைப்போம்!"

பிறகு யோசித்துப் பார்த்தால் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஸ்வெட்டர் சூட்டை உண்டாக்காது, உள்ளே இருக்கிற சூட்டைப் போகவிடாமல் வைத்துக்கொள்ளும். சில்லென்ற மாவுக்குப் போர்த்தினால் அதன் குளிரைத்தான் பத்திரமாகக் காக்கும். மலைப் பெண்கள் இளஞ்சூட்டு வெந்நீர் விட்டு அரைத்துத்தான் சுற்றிவைக்கிறார்கள். அதையும் ஜோசப்பின் எழுதவில்லை. தண்ணீர் என்றால் அவள் ஊரில் அது வெந்நீர்தான், பச்சைத் தண்ணீரில் அரைக்க யாருக்குக் கை வரும்?

ராஜேஸ்வரியிடம் ஓடினாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, மாவு எத்தன டிகிரில ஆரம்பிச்சுது?" என்றார்.

"இளஞ்சூடு மேடம்."

"அது யாரு கைக்கு இளஞ்சூடு? காலையில எத்தன டிகிரி? ராத்திரி அறையில எத்தன?"

வெப்பத்தை ஜோசப்பின் அளந்திருக்கவே இல்லை.

"பெங்களூர்ல ஒருத்தி இதச் செய்யணும்னா பவுல்ராஜ் ஸ்வெட்டருக்கு எங்க போவா? கூரியர்ல அனுப்புவீங்களா?"

அதோடு விட்டாரா? ஆய்வேட்டின் அட்டவணையைப் புரட்டி, பொங்காமல் போன சில இரவுகளைக் காட்டினார். "காரணம் அறியப்படவில்லை" என்று ஜோசப்பின் அவற்றுக்குக் கீழே குறிப்பு எழுதியிருந்தாள். இப்போது அந்தத் தேதிகளைப் பார்த்தவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். சீசன் நேரம். பவுல்ராஜ் விடியுமுன்னே மதுரை விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றப் போகும் நாட்கள். முந்தின இரவே ஸ்வெட்டரை எடுத்துவைத்துக்கொள்வார், ஆய்வகத்தில் மாவு ஒரு துண்டோடு கிடந்திருக்கும்.

"ஏங்க, ஒங்க குளிருக்கு என் பட்டத்தக் கழட்டி மாட்டிக்கிட்டீங்களே!" என்று வீட்டில் சண்டை.

"மாவுக்குக் குளிரும்னா எனக்குக் குளிராதா? நான் மனுசன்ல," என்றாராம் பவுல்ராஜ்.

ஜோசப்பினுக்கு இரண்டு வழி இருந்தது. ஸ்வெட்டரைப் பற்றி ஒரு வரி சேர்த்து ஒப்பேற்றலாம், புறத்தேர்வாளர் இட்லி சுடுகிறவராக இல்லாவிட்டால் கண்டுபிடிக்கமாட்டார். அல்லது சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு இரவு முழுக்க அழுதாள், காலையில் தெர்மாகோல் பெட்டி வாங்கப் போனாள். எனக்கு அவள்மேல் அப்போது வந்த மரியாதையில் கேக் விஷயத்தையே மன்னித்துவிட்டேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறை முழுதும் ஆய்வகத்தில்தான் கிடந்தாள். ஸ்வெட்டர் பவுல்ராஜிடமே போய்ச் சேர்ந்தது. எங்கே வேண்டுமானாலும் கிடைக்கிற தெர்மாகோல் பெட்டி, அதன் சுவர் எத்தனை மில்லிமீட்டர், உள்ளே மாவு எவ்வளவு, எத்தனை டிகிரி நீரில் அரைத்தது, பெட்டியை மூடும்போது மாவின் வெப்பம், இரவு முழுதும் மாவும் அறையும் எப்படி ஆறின என்று தானாகப் பதியும் வெப்பமானி, காலையில் பொங்கிய அளவு, புளிப்பின் அளவு எல்லாவற்றையும் எழுதினாள். சாமையை எந்தத் தோட்டத்தில், எந்த மாதம் வாங்கியது என்பதையும் சேர்த்தாள். ஒவ்வொரு சோதனையையும் வேறு வேறு இரவுகளில் திரும்பச் செய்தாள். பழைய முடிவுகளை ஒளிக்காமல், முன்சோதனை என்று தனியாக வைத்து, அவை ஏன் ஏறி இறங்கின என்பதையும் எழுதினாள். பவுல்ராஜின் பெயரை மட்டும் நான் வெட்டினேன்.

ஜனவரியின் கடைசி வாரம். நதியா கையில் புதிய அத்தியாயம், ஜோசப்பின் வாசலுக்கு வெளியே. மாவை அரைத்துப் பெட்டியை மூடிய மாலையிலும் நதியா ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை. காலையில் பெட்டியைத் திறந்தாள். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் ஜோசப்பின் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் வளைந்துவிட்டது.

மாவு பொங்கியிருந்தது. ஜோசப்பின் அட்டவணையில் எழுதிய எல்லைக்குள், அவளுடைய கை படாமல், கண் படாமல், அவள் வாய் ஒரு வார்த்தை சொல்லாமல்.

"நான் ஒண்ணுமே செய்யல மேடம்," என்றாள் ஜோசப்பின். அவளுக்குச் சந்தோஷமும் இருந்தது, மாவு தன்னைத் தேடவே இல்லையே என்று ஒரு சின்ன வருத்தமும் இருந்தது. என்னிடம் பிறகு சொன்னாள்.

"நீங்க ஒண்ணும் செய்யாம நடக்கணும்னுதான் இத்தன பாடும்," என்று ராஜேஸ்வரி பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "உள்ள வாங்க டாக்டரம்மா."

உள்ளே போனவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், நதியா அத்தனை மாவையும் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அடிப் பாவி, பதமாப் பொங்குன மாவு! யாரு கொட்டச் சொன்னது?"

"நீங்கதாங்க்கா," என்றாள் நதியா, தாளைக் காட்டி. "கடைசி வரியில, அளந்து முடிந்ததும் கொட்டிவிட வேண்டும்னு இருக்கே."

இத்தனை வருடமும் சோதனை முடிந்த மாவையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய் இட்லி ஊற்றியவள் ஜோசப்பின். ஆய்வேட்டில் அப்படியா எழுத முடியும்? ராஜேஸ்வரி கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்தார். ஜோசப்பின், கையெழுத்து வாங்கிய தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஆமா, நல்லாக் கழுவி ஊத்தும்மா," என்றாள்.