அத்தை மகனின் ரத்தம்

ஐம்பதுகளின் கடைசியில், அட்டன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்தப் பரிசோதனை அறையில் வேலை பார்த்தேன். அறை என்றால் ஒரு மேசை, ஒரு மைக்ரோஸ்கோப், குழாய்களைச் சூட்டில் வைக்க ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். மழைக்காலத்தில் சுவரெல்லாம் பூஞ்சணம். ரத்தத்தைச் சேமித்து வைக்க வசதி கிடையாது. கொடுக்க வந்த ஆளுக்குக் குரூப் பார்த்து, நோயாளியோடு பொருத்திப் பார்த்து, அங்கேயே கண்ணாடிப் போத்தலில் எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த வேலை எனக்கு அலுக்கவில்லை. நோயாளியோடு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் அலுத்துப்போனேன்.

அன்று மத்தியானம் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லொறியில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலேயே பிரசவம். குழந்தை செத்துப் பிறந்திருந்தது, ரத்தம் நிற்கவில்லை. டொக்டர் ஒரு வழியாக அதை நிறுத்தினார். ஆனால் போனது போனதுதான். உதடு வெளுத்து, கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாமல் கிடந்தாள். பிளாஸ்மா தூளைக் கரைத்து ஏற்றச் சொல்லிவிட்டு, டொக்டர் என்னிடம் வந்தார். "பிளாஸ்மா கொஞ்ச நேரந்தான் தாங்கும். ரத்தம் இல்லாட்டி இந்தப் பொண்ணு பொழைக்காது" என்றார்.

அவர் பின்னாலேயே புருஷனும் மாமியாரும் வந்தார்கள். புருஷன் அதற்குள் சட்டைக் கையைச் சுருட்டியிருந்தான்.

"என்னோடத எடுங்கய்யா. நான் இருக்கையில வேற யாருகிட்ட எடுக்கறது?"

"அவ எங்கண்ணன் மகதானுங்க" என்றாள் மாமியார். "அத்த மகனத்தான் கட்டியிருக்கா. எல்லாம் ஒரே ரத்தம். சோதிக்கவே வேணாங்க."

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்திருந்தது. லயங்களில் பாதிப் பேர் அத்தை மகனையோ மாமன் மகளையோ கட்டியவர்கள். சொந்தத்துக்குள் ரத்தம் சேராமல் போகும் என்று சொன்னால் ஏதோ குடும்பத்தையே பழித்த மாதிரி முறைப்பார்கள். "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறம்மா" என்று சொல்லிவிட்டு அவன் விரலில் குத்தினேன்.

அவளுக்கும் அவனுக்கும் ஓ குரூப். மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாதத்தில் ஜெயித்த பார்வை அது.

குரூப் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. அவளுடைய ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தையும் அவனுடைய சிவப்பணுக்களையும் இரண்டு குழாய்களில் கலந்தேன். உப்புத் தண்ணீரில் கலந்த குழாயில் அணுக்கள் ஒட்டாமல் சீராகக் கிடந்தன. அல்புமின் சேர்த்த இரண்டாவது குழாயை உடம்புச் சூட்டில் வைத்துக் காத்திருக்க வேண்டும். சில எதிர்ப்புப் பொருள்கள் அந்தச் சூட்டில்தான் தலைகாட்டும். வார்ட்டிலிருந்து நர்ஸ் மிஸ்ஸி வந்து, "இன்னும் ஆகலையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மறுபடியும் வந்தாள். எனக்குக் கோபம் வந்தது. நான் அவசரப்பட்டாலும் அந்தத் தண்ணீர்த் தொட்டி அவசரப்படாதே!

ஏன் இந்த மெனக்கெடல் என்று கேட்பவர்கள், சேராத ரத்தம் ஏறியதைப் பார்க்காதவர்கள். போத்தலில் கொஞ்சந்தான் இறங்கியிருக்கும். நரம்பெல்லாம் எரிகிறது, இடுப்பு விட்டுப்போகிறது என்று நோயாளி கத்துவார். உள்ளே போன அணுக்கள் உடைந்து சிறுநீர் கறுத்த தேயிலைச் சாயமாக வரும். பிறகு அதுவும் நின்று சிறுநீரகம் படுத்துவிடும். நாங்கள் பொருத்திப் பார்ப்பதெல்லாம் முக்கியமாக இதைத் தடுக்கத்தான். வெறும் குளிர்காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு, கெட்டுப்போன ரத்தத்தால் வரும் விஷக்காய்ச்சல், பலவீனமான இருதயத்துக்கு வேகமாக ஏற்றினால் வரும் மூச்சுத்திணறல், இவற்றையெல்லாம் எந்தக் குழாயும் முன்கூட்டிச் சொல்லாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வதுதான் வழி.

இரண்டாவது குழாயை எடுத்து மெல்லச் சாய்த்தேன். அணுக்கள் திரிதிரியாகத் திரண்டிருந்தன. என் கை மேல் சந்தேகம் வந்து இன்னொரு தடவை செய்தேன். மறுபடியும் அதேதான். டொக்டரைக் கூப்பிட்டேன். அவர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு மாமியாரைத்தான் கேட்டார்.

"இதுக்கு முன்னால பிள்ளைங்க?"

"மூத்தது நல்லா இருக்குங்க. அதுக்குப் பொறகு பொறந்த ரெண்டும் மஞ்சளா மஞ்சளா போயி, ரெண்டு மூணு நாளுல செத்துப் போச்சுங்க. இவ வயித்து ராசி அப்புடி."

டொக்டர் என் பக்கம் திரும்பினார். அவர் நினைத்ததை நானும் நினைத்தேன். அவன் ரத்தத்தில் இருக்கும் ஆர்.எச். பொருள் அவளிடம் இல்லை. குழந்தைகள் அதை அப்பனிடமிருந்து கொண்டுவந்தன. முதல் பிரசவத்தில் அவள் உடம்பு அதைப் பகையாகப் பழகிக்கொண்டது. அடுத்த குழந்தைகளை அந்தப் பகை தாக்கியது. ஆர்.எச். பார்க்கிற சீரம் கொழும்பிலிருந்து வரவில்லை. அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் உலகத்தில் யார் ரத்தத்தை ஏற்றினாலும் அவன் ரத்தத்தை ஏற்றக்கூடாது என்பது மட்டும் உறுதி.

கூடப் பிறந்தவர்களிடமும் அந்தப் பொருள் இல்லாமலிருக்க வாய்ப்புண்டு. "கூடப் பொறந்தவங்க யாரும் இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"அண்ணன் ஒருத்தன் லொறிக்கிட்ட நிக்கிறான்" என்றாள் மாமியார். "கட்டிக் குடுத்த பொண்ணுக்குப் புருஷன் இருக்கையில, பொறந்த வீட்டுல போயி ரத்தம் கேக்கறதா? எம் மகனுக்கு வக்கில்லன்னு தோட்டமே பேசாதா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அதற்குள் புருஷனே மழையில் இறங்கிப் போனான். சுருட்டிய சட்டைக் கை அப்படியே இருந்தது.

"மச்சான், நீ வா. என் ரத்தம் சேரலையாம்."

அண்ணனுக்கும் ஓ குரூப். மறுபடியும் இரண்டு குழாய், மறுபடியும் தொட்டி, மறுபடியும் மிஸ்ஸி. இந்தத் தடவை இரண்டாவது குழாயிலும் அணுக்கள் ஒட்டவில்லை. நான் சாமியை அதிகம் கூப்பிடுகிறவன் இல்லை. அன்று கூப்பிட்டேன்.

போத்தல் ஏறத் தொடங்கியதும் நானும் கட்டிலருகே நின்றேன். பாதி இறங்கியபோது அவளுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. பல் கிட்டியது. டொக்டர் உடனே குழாயை அடைத்தார். போத்தலில் ஒட்டியிருந்த பெயரையும் குரூப்பையும் மறுபடி சரிபார்த்தோம். "இடுப்பு வலிக்குதா?" என்று கேட்டதற்கு இல்லையென்று தலையசைத்தாள். சிறுநீர் தெளிந்த மஞ்சளாக இருந்தது. அவளிடம் கொஞ்சம் ரத்தம் எடுத்துச் சுழற்றிப் பார்த்தேன். மேலே நின்ற நீரில் சிவப்பில்லை, அணுக்கள் உடையவில்லை. வெறும் குளிர்காய்ச்சல்தான். கம்பளியைப் போர்த்தி, நடுக்கம் அடங்கியபின் மெதுவாக மிச்சத்தை ஏற்றினார்கள். சாயந்தரம் அவள் தண்ணீர் கேட்டாள்.

வெளியே வந்தேன். வாங்குப் பலகையில் மாமியாரும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் எழுந்து நின்றான்.

"அய்யா, என் ரத்தம் ஏன் சேரல?"

தெரிந்ததைச் சொன்னேன். சின்ன வார்த்தைகளில்தான் சொன்னேன். ஆனால் அவன் புத்திசாலி. நான் நிறுத்திய இடத்தில் அவன் நிற்கவில்லை.

"அப்ப, எம் புள்ளைங்களும் அதனாலதான் போச்சுங்களா?"

"அப்புடித்தான் நெனைக்கிறோம். யாரு குத்தமும் இல்லப்பா. அமைப்பு அப்புடி."

அவன் சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டான். பொத்தானைப் போட்டான். பிறகு தாயைத் திரும்பிப் பார்த்தான்.

"ஆத்தா, இனிமே அவள ராசி கெட்டவன்னு சொல்லாத. வெஷம் ஏங்கிட்டதான் இருந்துருக்கு."

அது விஷமில்லை என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். இத்தனை நாள் மருமகளையே பழித்துவந்த அந்தக் கிழவியின் முகத்தைப் பார்த்தேன், சொல்லத் தோன்றவில்லை.