அவள் கை காட்டிய இடம்

என் மனைவிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எங்கள் சமையல் சேனலில் ஏழெட்டு வீடியோக்கள் சேர்ந்திருந்த சமயம், கேப்பைக் களி வீடியோவைப் போட்டுக் காட்டியபோதும் வந்தது. விழுப்புரத்தில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன் நான். திரையில் காலி இடத்தைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். அவள் களி கிண்டும்போதே, எங்கள் மற்ற வீடியோக்களுக்குக் கூப்பிடும் கார்டுகள் மேல் மூலையில் ஒன்றன்பின் ஒன்றாக எட்டிப் பார்த்தன. முடிவில் எண்ட் ஸ்கிரீன் என்று, தொட்டால் வேறு வீடியோவுக்குப் போகும் நான்கு பெட்டிகள் வைத்திருந்தேன். ஒன்று அவள் முகத்தின் மேல், ஒன்று களியின் மேல்.

"இன்னாங்க இது, எலெக்‌ஷன் சுவரு மாதிரி இருக்குது. எத பாக்கறதுன்னு தெரியாம ஜனம் ஓடிப்போயிடும்" என்றாள்.

அதற்குப் பிறகு சட்டம் அவளுடையதுதான். அதுவரை போட்டதையெல்லாம் எடுத்துவிட்டு, களியிலிருந்து மறுபடி எடுக்க வைத்தாள். வீடியோவுக்கு ஒரே ஒரு கார்டு. அதுவும், வேர்க்கடலையைச் சேர்க்கும்போது, "மல்லாட்டை வறுக்கிற பக்குவத்த முன்னாடியே காட்டியிருக்கேன்" என்று அவள் வாயால் சொல்லும் நொடியில் மட்டும். கடைசி இருபது நொடிக்கு அடுப்பை அணைத்துவிட்டு இடது ஓரமாக நகர்ந்து நின்றுகொள்வாள். வலது பக்கம் வெறும் சுவர். கை எப்போதும் ஒரே உயரத்தில் போகட்டும் என்று அதில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைத்திருந்தாள். அதைக் காட்டி, "அடுத்து இத பாருங்க" என்பாள். பொட்டை மறைத்து நான் ஒரு வீடியோ பெட்டியை வைப்பேன். அதற்குக் கீழே சப்ஸ்கிரைப் வட்டம். அவ்வளவுதான்.

அந்தப் பெட்டியில் எந்த வீடியோ வரவேண்டும் என்பதையும் அவளே முடிவு செய்தாள். எல்லாவற்றிலும் 'கடைசியாகப் போட்டது' என்பதையே தேர்ந்தெடுக்கச் சொன்னாள். புதிதாக ஒன்றைப் போட்டால் போதும், பழைய வீடியோக்கள் அத்தனையும் தானாக அதைக் காட்டும். "பழச பாக்க வர்றவங்களும் புதுசுக்கு வந்துடுவாங்க" என்றாள். கெட்டிக்காரி. சொன்னபடியே வந்தார்கள்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. காரியம் முடிந்த பிறகும், சேனலைப் பார்க்கிறவர்கள் "அக்கா, அடுத்த வீடியோ எப்ப" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் எழுத எனக்குத் தெம்பில்லை. மாலை போட்ட அவள் படத்தை வைத்து, செய்தி சொல்லி, ஒரு நிமிட வீடியோ ஒன்றைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் திண்டிவனத்திலிருந்து அத்தை போன் செய்தார். அவளுடைய அம்மா. பெண்ணின் குரல் கேட்க வேண்டும் என்று நாள் முழுவதும் பழைய வீடியோக்களையே பார்த்துக்கொண்டிருந்தவர்.

"மாப்ள, அவ சிரிச்சிக்கினே அந்த மாலை போட்ட போட்டோவ காட்டுறா. எத தொறந்தாலும் அதான் வருது. என்னால பாக்க முடியல மாப்ள."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. களி வீடியோவைத் திறந்து முடிவுக்கு ஓட்டினேன். அவள் ஓரமாக நகர்ந்தாள், சிரித்தாள், "அடுத்து இத பாருங்க" என்று கை நீட்டினாள். விரல் நுனியில் அவளுடைய மாலை போட்ட படம். வேறு எதையும் திறந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை. வாய்விட்டு அழுதேன்.

அந்தச் செய்தியை எடுத்துவிடலாம்தான். எடுத்தால் மறுபடியும் "அடுத்த வீடியோ எப்ப" என்று ஆரம்பிப்பார்கள். அதையும் தாங்க முடியாது. அதனால் ஒவ்வொரு வீடியோவாகத் திறந்து, 'கடைசியாகப் போட்டது' என்பதை நீக்கி, அதற்கு அடுத்து அவள் சமைத்ததை அங்கே வைத்தேன். களிக்குக் கருவாட்டுக் குழம்பு, குழம்புக்கு மல்லாட்டைத் துவையல். வீடியோவைத் தொட வேண்டியதில்லை, பெட்டியை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் இடம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொன்றிலும் அந்த இருபது நொடியை ஓட்டியாக வேண்டும். "இத பாருங்க, இத பாருங்க" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவள் கடைசியாகச் சமைத்த கொள்ளு ரசத்துக்கு வந்தபோது வைப்பதற்கு எதுவும் இல்லை. பழையது ஒன்றை வைத்திருக்கலாம். மனசு வரவில்லை. பெட்டியை எடுத்துவிட்டு இடத்தைக் காலியாக விட்டுவிட்டேன்.

வேலை முடிந்ததும் பஸ் ஏறித் திண்டிவனம் போனேன். அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பார்க்க ஆரம்பித்தார். ஒன்று முடிய, மகள் காட்டிய பெட்டியைத் தொடுவார், அடுத்தது வரும். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகம் தெளிந்திருந்தது. சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அப்படியே கொள்ளு ரசம் வந்தது. அவள் நகர்ந்து நின்று கை நீட்டினாள்.

"பொட்டிய காணோமே மாப்ள. அடுத்தது எங்க?"

"இதான் கடைசிங்க அத்தை."

அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. மகள் காட்டிய வெறும் சுவரில், அந்த ஸ்டிக்கர் பொட்டின் மேல் விரலை வைத்து அழுத்தினார். வீடியோ நின்றது. கை நீட்டியபடி அவளும் நின்றாள். அத்தை விரலை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் அழுத்தமாக அதே இடத்தில் வைத்தார்.