தேனப்பன் போட்டுக்கொடுத்த வரிசை

எங்கள் கிளை நூலகத்தில் நூலகர் தேனப்பன் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால், முதலில் முதுகில் ஒரு தட்டு. அப்புறம் தூசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓர் ஊது. பிறகு பொருளடக்கப் பக்கத்தைத் திறந்து, நடுவிரலைக் கடைசி அத்தியாயத்தில் வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு வரியாக மேலே ஏற்றுவார். ஆள்காட்டி விரலை ஒட்டாமல் தூக்கியே வைத்திருப்பார். அதன் நுனியில் ஒரு கறுப்புப் புள்ளி. முத்திரை மை ஏறிப்போய்விட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். விரல் முதல் அத்தியாயத்தைத் தொட்டதும் ஒரு பெருமூச்சு வரும்.

"இதுக்கும் அடியில ஒண்ணு இருக்கணுமே" என்பார்.

இந்த வாக்கியத்தால் காரைக்குடியில் படிக்காமல் போனவர்களின் தொகை, பள்ளிக்கூடமே இல்லாததால் படிக்காமல் போனவர்களின் தொகைக்குச் சற்றுத்தான் குறைவு. யார் வந்து எதைக் கற்க ஆசைப்பட்டாலும் தேனப்பன் ஒரு முழுத்தாளில் வரிசை எழுதிக் கொடுப்பார். இலவசம். தையல் படிக்கவந்த அக்கம்மாளுக்குப் பருத்தியின் வரலாற்றிலிருந்து ஆரம்பித்துக் கொடுத்தார். அக்கம்மாள் பருத்தி பூப்பதற்குள் நூலகத்தை விட்டுவிட்டாள். அவளுக்கு அடித்தளம் போதவில்லை என்று தேனப்பன் வருத்தப்பட்டார்.

செட்டிநாட்டில் வீடு கட்டுகிறவர்களுக்கு அஸ்திவாரத்தில் ஒரு மோகம் உண்டு. தேனப்பனுடைய பாட்டனார் கட்டிய வீட்டில், தரைக்கு மேலே நிற்பதைவிட உள்ளே புதைந்திருப்பதற்கே அதிகம் செலவாயிற்று என்று கதை. அந்த வீட்டில் இப்போது பங்காளிகளுக்குப் போக தேனப்பனுக்கு மிஞ்சியது இரண்டு அறை. அஸ்திவாரம் மட்டும் முழுசாக இருந்தது.

நான் தினமும் சாயங்காலம் அங்கே போவேன். பத்திரிகை மேசைக்கு ஓரமாக உட்கார்ந்து, யாரும் கேட்டு வாங்காத சிறு கவிதை இதழ்களைப் புரட்டுவேன். அவற்றுக்குத் தேனப்பன் வரிசை எதுவும் போட்டுக் கொடுக்கவில்லை. "இதுக்கெல்லாம் அடியும் இல்ல, முடியும் இல்ல" என்று ஒரேயடியாக விட்டுவிட்டார். நான் பிழைத்தேன்.

பிழைக்க முடியாமல் மாட்டிக்கொண்டவன் ஜெகபர் சாதிக்.

ஜெகபர் ஒன்பதாவது வரை படித்தவன். செக்காலை ரோட்டில் ஒரு மரப்பலகையைப் போட்டு டார்ச் லைட்டும் பெட்ரோமாக்ஸும் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய அக்கா ஆபிதாவைக் கட்டிய மாப்பிள்ளை ஹனிபா, பினாங்கிலிருந்து நோன்புப் பெருநாளுக்கு வரப்போகிறார். வந்ததும் காரைக்குடியில் ரேடியோக் கடை. முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்: "நான் வாரப்ப ஒரு வால்வு ரேடியோவைக் கையில குடுப்பேன். அதைப் பேச வச்சா மெக்கானிக் நாற்காலி ஒனக்கு. இல்லாட்டி மதுரையில இருந்து ஆளு. நீ வாசல்ல நின்னு பேட்டரி வித்துக்க."

வாசலில் நிற்பதைப் பற்றி ஜெகபருக்கு ஏற்கனவே நிறையத் தெரியும். உள்ளே உட்காருவதுதான் தெரியாது. அதனால் நூலகத்துக்கு வந்தான்.

"ரேடியோ ரிப்பேர் புஸ்தகம் இருக்குங்களா அண்ணே?"

தேனப்பன் அலமாரியிலிருந்து தடிமனான ஒரு பழுதுநீக்கும் கையேட்டை எடுத்தார். தட்டினார், ஊதினார், நடுவிரலை ஏற்றினார். பெருமூச்சு விட்டார். கையேடு அலமாரிக்குத் திரும்பிப் போனது. பையனிடம் முழுத்தாள் வந்தது.

அந்த வரிசையை நான் பார்த்திருக்கிறேன். பழைய கிரேக்கர்கள் அம்பர் பிசினைக் கம்பளியில் தேய்த்ததிலிருந்து தொடங்கியது. பிறகு இயற்கைத் தத்துவத்தின் வரலாறு. பிறகு எண்கணிதம், அல்ஜிப்ரா, ஜியோமெட்ரி. நடுவே தர்க்க சாஸ்திரம், எதற்கும் இருக்கட்டும் என்று. காந்தம், மின்சாரம் எல்லாம் தாளின் பின்பக்கம். கையேடு கடைசி வரியில், ஓரத்தில் இடமில்லாமல் வளைத்து எழுதப்பட்டிருந்தது. ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, தேனப்பன் கேட்கிற கேள்விக்குப் பதில் சொன்னால்தான் அடுத்தது கிடைக்கும்.

ஜெகபர் படித்தான். அதுதான் பரிதாபம்; மற்றவர்களைப் போல அவன் ஓடிப்போகவில்லை. ரஜப் மாதம் போய், நோன்புக்கு முந்தைய ஷஃபான் வந்தபோது அவன் அல்ஜிப்ராவில் இருந்தான். டீக்கடைக்காரர் சாதிக் அலி தினமும் கேட்பார்:

"என்ன மாப்ளே, ரேடியோ எங்க வரைக்கும் வந்திருக்கு?"

"கிரேக்க தேசத்தைத் தாண்டிருச்சு மாமு. இப்ப எக்ஸும் வையும் சண்டை போட்டுக்கிட்டு நிக்கிது."

"பெருநாளைக்குள்ள கப்பல் ஏறிருமா?"

ஜெகபர் சிரிப்பான். சிரித்துவிட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போவான்.

ஒரு நாள் அவன் தேனப்பன் முன்னால் நின்றுகொண்டு, ஜியோமெட்ரிக்கு முன்னால் இன்னொரு புத்தகம் நுழைக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் காத்திருந்தவர் பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் நடத்தும் வீரலட்சுமி டீச்சர். அவருக்குப் பொறுமை உண்டு. அதை வகுப்பிலேயே செலவழித்துவிட்டு வருவார்.

"தம்பி, ஒனக்கு என்ன வேணும்?"

"ரேடியோ ரிப்பேர் டீச்சர்."

"அப்ப எதுக்கு முக்கோணம் வரையப் போற?"

தேனப்பன் நிமிர்ந்தார். "டீச்சர், நீங்களே இப்பிடிச் சொல்றீகளே. அடி இல்லாம எப்பிடி?"

"அடி வேணும். எங்குட்டு வரைக்கும் தோண்டுறதுங்கிறதுக்கும் ஒரு கணக்கு வேணுமில்ல? நீங்க தண்ணி வந்த பிறகும் தோண்டுறீக."

டீச்சர் கையேட்டை எடுத்து வரச் சொன்னார். அதை வெளியே கொடுக்க மாட்டார்கள்; அங்கேயே உட்கார்ந்து பார்க்கவேண்டும். அலமாரியிலிருந்து வேறு சில மின்சாரப் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு என் மேசைக்கே வந்தார்கள். நான் என் கவிதை இதழை இன்னும் கொஞ்சம் மூஞ்சிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன்.

"இந்த ஒரு பக்கத்தைப் படி. தெரியாத வார்த்தையை மட்டும் சொல்லு."

"கண்டென்சர். ரெக்டிஃபையர். ஏ.சி. இந்த ஓம்."

"கண்டென்சரை எந்தப் புஸ்தகம் சொல்லுது? இது. இதுல அந்தப் பாடத்தைத் திற. இதுல தெரியாதது?"

"வோல்டேஜ்."

"வோல்டேஜை இந்தச் சின்னப் புஸ்தகம் சொல்லுது. இதுல?"

ஜெகபர் நெடுநேரம் படித்தான். "இதுல பேட்டரி, பல்பு, சுவிட்சுதான் வருது. இது டார்ச் லைட்டுல்ல டீச்சர்! இது எனக்குத் தெரியுமே."

"அப்ப அங்கதான் ஒன் அடி. அதுக்குக் கீழ ஒனக்கு வேலையில்ல."

கடைசியில் இருந்து கேட்டுக்கொண்டே இறங்கி, அவனுக்குத் தெரிந்த இடம் கால்பட்டதும் நின்றார். அப்புறம் அதே படிகளை ஏறுகிற மாதிரி மாற்றி எழுதினார். மின்னோட்டம், வோல்டேஜ், தடை. அல்ஜிப்ராவில் அந்த மூன்றையும் வகுத்துப் பெருக்கிப் பார்க்கிற அளவு மட்டும். பிறகு கண்டென்சர், காயில். பிறகு வால்வு. பிறகு ஒரு ரேடியோ செட்டில் ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது என்பது. பிறகு கையேடு. ஒரே விஷயத்தைச் சொல்லும் மூன்று புத்தகங்களில் இரண்டை அடித்தார். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வேலை: இதைச் சேர்த்துக் காட்டு, இதை அளந்து காட்டு, இதைப் புத்தகத்தைப் பார்க்காமல் ஒருத்தருக்குச் சொல்லு. முடிந்தால்தான் அடுத்தது.

"கிரேக்கம் எப்பங்க?" என்றான் ஜெகபர், கொஞ்சம் விசுவாசத்தோடு.

"கடை தெறந்த பிறகு. ஆளு வராத நேரத்துல."

தேனப்பன் அந்த வரிசைக்குப் புத்தகம் கொடுக்க மறுத்தார். விதி எதுவும் இல்லை, பெருமூச்சுதான் விதி. டீச்சருடைய நூலக அட்டையில் ஏற்கனவே புத்தகம் இருந்தது. என்னுடைய அட்டை காலியாக இருந்தது. மேசைமேல் தள்ளிவைத்தேன். வாய் திறக்கத் தேவைப்படாதது நல்லதாயிற்று.

டீச்சருடைய வரிசையும் வானத்திலிருந்து வந்ததல்ல. வால்வுப் புத்தகத்தில் ஜெகபர் முட்டிக்கொண்டு நின்றான், ஏ.சி. என்கிற மாறுதிசை மின்சாரத்தைப் பற்றிப் படிக்காமலேயே ரெக்டிஃபையருக்குப் போயிருந்தான். ஏ.சி. எப்படித் திசை மாறுகிறது என்று தெரியாதவனிடம், அதை ஒரே திசைக்குத் திருப்புவது பற்றிச் சொன்னால் என்ன புரியும்? "என் தப்பு" என்று டீச்சர் ஏ.சி.யையும் டிரான்ஸ்ஃபார்மரையும் மேலே ஏற்றினார். ஒரு வரிசை தப்பு என்று இந்த நூலகத்தில் ஒருவர் சொல்லிக் கேட்டது அதுவே முதல் தடவை. தேனப்பன் அதை அபசகுனம் போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்து வந்தார். தாளை வாங்கினார். பிரசங்கம் ஒன்று வரப்போகிறது என்று நினைத்தேன். தூக்கிவைத்திருந்த ஆள்காட்டி விரலாலேயே ஓர் இடத்தைத் தொட்டார்.

"செட்டைத் தெறக்கிற வேலை இங்க இருக்கு. கண்டென்சர் கரன்டைப் பிடிச்சு வச்சுக்கிரும், பிளக்கைப் பிடுங்குனாலும் அடிக்கும்கிறது கையேட்டுல கடைசி அத்தியாயத்துல கெடக்கு. அது இதுக்கு முன்னாடி வரணும்."

டீச்சர் பார்த்தார். "ஆமா. வரணும். எனக்குத் தோணலையே."

"எழுதுங்க" என்றார் தேனப்பன். போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். எல்லாவற்றுக்கும் ஒரு அடியைச் சேர்ப்பவர் இதற்கும் ஒன்றைச் சேர்த்துவிட்டார் என்று எண்ணி நான் உள்ளுக்குள் சிரித்தேன்.

ஹனிபா சென்ட் வாசனையோடும் கைக்கடிகாரத்தோடும் வந்து இறங்கினார். பெருநாள் கழிந்த மறுநாள், ஆபிதா வீட்டுக் கூடத்தில் ஒரு வால்வு ரேடியோவை மேசைமேல் வைத்தார். போட்டதும் அது எருமை மாதிரி உறுமியது. பாட்டு அந்த உறுமலுக்குள் எங்கோ மூழ்கிக் கிடந்தது.

"ம், பேச வைப்பா. நீ அல்ஜிப்ரா படிச்ச ஆளுல்ல."

ஜெகபர் பிளக்கைப் பிடுங்கினான். பின்பலகையைக் கழற்றினான். ஹனிபா ஆர்வத்தில் உள்ளே விரல் நீட்டினார்.

"மச்சான், கைய எடுங்க!"

வீட்டு மாப்பிள்ளையிடம் அந்தத் தொனியில் பேசுகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. ஆபிதா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ஜெகபர் ஒரு ரெசிஸ்டரின் முனைகளில் ரப்பர் உறையிட்ட வயர்களை இணைத்து, பெரிய கண்டென்சரில் சேர்த்துப் பிடித்து, அதிலிருந்த கரன்டை வடித்தான். மீட்டரை வைத்து ஒன்றுமில்லை என்று பார்த்துக்கொண்டான். அப்புறம்தான் கை வைத்தான். உறுமலுக்குக் காரணம் அந்தக் கண்டென்சரேதான், காய்ந்துபோயிருந்தது. புதிது மாட்டியதும் ரேடியோ தொண்டையைச் செருமாமல் பேசியது. ஹனிபா தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "மதுரைக்குச் சொல்லிவிட வேணாம்" என்றார்.

தேனப்பன் தன் வழக்கத்தை விடவில்லை. ஜெகபர் கடையில் உட்கார்ந்த செய்தியைக் கேட்டு, "அல்ஜிப்ரா வரைக்கும் வந்தான்ல, அதான்" என்றார்.

அவர் ஓய்வுபெற்றபின் ஒரு நாள், அவர் வீட்டு ரேடியோவைப் பார்க்க ஜெகபர் போனான். தேனப்பன் வெளியே போயிருந்தார். அவர் மனைவி கண்ணம்மை ஆச்சி காபி கொடுத்துக்கொண்டே சொன்னதை ஜெகபர் என்னிடம் வந்து சொன்னான். கல்யாணமான புதிதில் தேனப்பன் தபால் வழியாக ரேடியோப் படிப்பில் சேர்ந்தாராம். பாடங்கள் கட்டுக் கட்டாக வரும். முதல் கட்டு வந்துசேரவே இல்லை. காத்திருக்கப் பொறுக்காமல் இரண்டாவது கட்டிலிருந்து ஆரம்பித்தார். அதில் முதல் வேலையே செட்டைத் திறப்பது. ஆள்காட்டி விரல் நுனி கருகி அவர் தூக்கி எறியப்பட்டதை ஆச்சி அடுப்படியிலிருந்து பார்த்தாராம். தொடாதே என்ற எச்சரிக்கை, வந்துசேராத அந்த முதல் கட்டில் இருந்தது என்று பிறகுதான் தெரிந்ததாம்.